ஒன்பது நாற்பதுக்குப் பிழிந்த சாறு

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு மே மாதம் நடந்தது இது. நாள், கிழமை, மணி எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. சம்பந்தப்பட்டவர்கள் பலர் இன்னும் அதே ஊர்களில் இருப்பதால் தேதியையும் பெயர்களையும் இங்கே விட்டுவிடுகிறேன். மணிக்கணக்கை மட்டும் விட முடியாது. நடந்தது முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் இன்ஸ்பெக்டராக இருந்தேன். முலாம் பூசி வரும் துண்டுகளின் நிறத்தைப் பார்த்துத் தேர்வு செய்வதுதான் என் முக்கிய வேலை. சரியான நிறம் எது என்று காட்ட மேஜையில் ஒரு மாதிரித் துண்டு இருக்கும். வந்த துண்டை அதன் பக்கத்தில் வைத்து டியூப்லைட்டின் கீழ் பிடிப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் பச்சைச் சீட்டு, போகாவிட்டால் சிவப்பு. எட்டு வருஷம் இதையே செய்தவனுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் நிறம்தான் கண்ணில் படும். என் வீட்டில் காப்பியைக்கூட நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் குடிப்பேன் என்று என் மனைவி சொல்வாள்.

கேன்டீன் கமிட்டியிலும் நான் இருந்தேன். எங்கள் கூட்டத்தில் வருஷாவருஷம் வரும் புகார், உலைப் பிரிவில் வேலை செய்கிறவர்களைப் பற்றியது. இரும்புத் துண்டுகளைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெய்த் தொட்டியில் இறக்கும் இடம் அது. மே மாதத்தில் அங்கே நிற்பதே ஒரு தண்டனை. மதியம் இரண்டு மணி ஷிப்ட்டுக்கு வருகிறவர்களுக்கு நான்கு மணி இடைவேளையில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தோம். மோர் அலுத்துவிட்டது, ஆலை கேட்டுக்கு எதிரே கடை போட்டிருக்கும் பாய் பிழியும் கரும்புச்சாறு வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். இடைவேளை பத்து நிமிஷம்தான். அதற்குள் நாற்பது பேர் வெளியே போய்க் குடித்துவிட்டு வர முடியாது. ஆகவே சாற்றைக் கேனில் உள்ளே கொண்டுவர ஏற்பாடு செய்தோம். கமிட்டியின் சார்பில் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது.

பாய்க்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புளியமரத்தடியில் கையால் சுற்றும் சக்கர மெஷின் வைத்திருந்தார். மனைவி கரும்பைச் சீவிக் கழுவித் தருவார், இவர் பிழிவார். நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டார்.

"கேன்ல வேணாம் சார். கிளாஸ்ல புடிச்சிக் கையில குடுத்தாத்தான் அது சாறு."

"முக்கால் மணி நேரம் முன்னாடி பிழிஞ்சா போதும் பாய். உள்ள வந்ததும் ஊத்திக் குடுத்துடுவாங்க."

"முக்கா மணின்னா சரி. அதுக்கு மேல கேக்காதீங்க."

முதல் நாள் மூன்றே காலுக்குப் பிழிந்தார். நான்கு மணிக்குக் கேனைத் திறந்தபோது சாறு பழுப்பாகக் கறுத்திருந்தது. உலைப் பிரிவு ஃபோர்மன் மதுரைக்காரர். டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெய்த் தொட்டியில மோந்துட்டு வந்துட்டீகளா சார்? பயலுக குடிக்க மாட்டாய்ங்க."

"கரும்புச்சாறுதான். கொஞ்சம் நிறம் மாறியிருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப நீங்க குடிங்க, பாப்போம்."

குடித்தேன். ருசியில் குறை இல்லை, எனக்கு ஒன்றும் ஆகவும் இல்லை. ஆனாலும் பாதிக் கேன் அப்படியே திரும்பியது. ரிஜெக்ட் என்று நோட்டில் எழுதினேன்.

அன்று மாலை நகர நூலகத்துக்குப் போனேன். உணவுப் பதப்படுத்தல் பற்றிய பழைய புத்தகம் ஒன்றில் காரணம் கிடைத்தது. நறுக்கிவைத்த கத்திரிக்காயும் வாழைக்காயும் கறுக்கிற அதே சங்கதிதான். கரும்பில் இயற்கையாகவே ஒரு நொதி இருக்கிறது. பிழியும்போது அது வெளியே வந்து, சாற்றில் உள்ள வேறு சில பொருள்களோடும் காற்றோடும் சேர்ந்து நிறத்தைக் கறுக்கச் செய்கிறது. புளிப்பும் குளிர்ச்சியும் அந்த நொதியை மந்தமாக்கும். அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த அத்தியாயத்தைப் புரட்டியிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

மறுநாள் பாயிடம் இரண்டு கிளாஸ் சாறு வாங்கி என் மேஜையில் வைத்தேன். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தேன், மற்றதை அப்படியே விட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்தேன். அரை மணியில் எலுமிச்சை இல்லாதது கறுத்தது. எலுமிச்சை விட்டது இரண்டு மணி நேரம் கழிந்தும் கண்ணுக்கு இதமான இளம்பச்சையாகவே இருந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க வேண்டியதில்லை. பாயின் மனைவியிடம் கரும்போடு சேர்த்து எலுமிச்சையையும் இஞ்சியையும் மெஷினில் வைக்கச் சொன்னேன். ஐஸும் போடச் சொன்னேன். அன்று முதல் நான்கு மணிக் கேன் காலியாகவே திரும்பியது. ஃபோர்மன் என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். பச்சைச் சீட்டு ஒன்றைக் கேனின் கைப்பிடியில் கட்டிவிடுவதை நானே வழக்கமாக்கிக்கொண்டேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. போகப்போக, சீட்டு இல்லாத கேனை யாரும் தொடவில்லை.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. பிறகு பாய் ஒரு சேதி சொன்னார். குந்தாரப்பள்ளிச் சந்தையில் இடம் கிடைத்திருக்கிறது. சந்தை நாளில் மட்டும் பத்து மணி டெம்போவில் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

"அன்னிக்கி ஒரு நாளு மோர் குடுத்துடுங்க சார்."

"போறதுக்கு முன்னாடி பிழிஞ்சு வெச்சிட்டுப் போங்களேன்."

"காலையில புழிஞ்சத சாயங்காலம் குடிக்கிறதா? நாங்க வீட்டுல அப்பிடிக் குடிக்க மாட்டோம் சார்."

"கறுத்துடும்னுதானே பயம்? எலுமிச்சை போட்டா கறுக்கறதில்லையே. ரெண்டு மணி நேரம் நானே வெச்சுப் பார்த்திருக்கேன்."

"கறுக்காம இக்குதுன்னா நல்லா இக்குதுன்னு யார் சார் சொன்னாங்க?"

சிரித்துக்கொண்டே புத்தகத்தில் இருக்கிறது என்றேன். அவர் மனைவி கரும்பு சீவுவதை நிறுத்தாமலே சொன்னார்: "படிச்சவரு சொல்றாரு, புழிஞ்சி குடுத்துட்டு வாங்க. டெம்போ போயிடப் போவுது."

அந்தச் சந்தை நாளில் காலை ஒன்பது நாற்பதுக்குப் பிழிந்தார்கள். கேன்டீனின் எவர்சில்வர் கேனில் ஊற்றி, கால் பாளம் ஐஸைத் தூக்கி உள்ளே போட்டு மூடினேன். மரத்தூளும் கோணியும் சுற்றி வந்த ஐஸ் அது. தண்ணீரில் அலசித்தான் போட்டேன். கேனைக் கேன்டீன் பின்வாசல் நிழலில் வைத்தோம். நான்கு மணிக்குத் திறந்தேன். ஐஸ் எப்போதோ கரைந்து, கேனின் வயிறு கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. மேலே நுரை கட்டியிருந்தது. கண்ணாடி டம்ளரில் பிடித்து டியூப்லைட்டில் பார்த்தேன். காலையில் பார்த்த அதே இளம்பச்சை. ஒரு வாய் குடித்தேன், கொஞ்சம் புளிப்பு. எலுமிச்சை என்று நினைத்தேன். பச்சைச் சீட்டைக் கட்டினேன்.

மறுநாள் மதியம் இரண்டு ஐந்துக்கு ஃபோர்மன் என்னைத் தேடி வந்தார். நேராக டைம் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மரப்பலகையில் ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் தொங்கும். உள்ளே வருகிறவர் தன் டோக்கனை எடுத்துப் பக்கத்துப் பலகையில் மாட்டவேண்டும். உலைப் பிரிவு வரிசையில் பதினோரு டோக்கன்கள் எடுக்கப்படாமல் தொங்கின.

"பதினோரு பேருக்கும் விடியக்காலையிலேருந்து வாந்தி பேதி. வந்தவய்ங்கள்லயும் பாதிப் பேரு வயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாய்ங்க."

எனக்கு முதலில் தோன்றியது கேன்டீன் சாம்பார். அதைச் சொன்னேன். சாம்பாரை எல்லாப் பிரிவும்தான் சாப்பிட்டது என்றார் அவர். பிறகு என் முகத்தையே பார்த்தார். கேன் உலைப் பிரிவுக்கு மட்டும்தான் போனது.

பெர்மிஷன் போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழு பேர் அங்கே இருந்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆபரேட்டருக்கு மூன்றாவது பாட்டில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முந்திய நாள் மாலை என்னிடம் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தவர் அவர். ஒரே இரவில் கண்கள் குழிக்குள் போய்விட்டன. உடம்பில் தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்க்க நர்ஸ் அவர் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார், அது கிள்ளியபடியே நின்றது. ஒரு மனிதனின் தோல் அப்படி நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"சாறுல ஒண்ணும் இல்லையே சார்?" என்று அவர் மெல்லக் கேட்டார். "நல்லாத்தான இருந்துச்சு. பச்சைச் சீட்டும் கட்டியிருந்துச்சே."

வெளியே வந்தேன். வராந்தாவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. அந்த வருஷ நோட்டில் மணி எழுதப்படாத இடம் அது ஒன்றுதான்.

இரண்டு நாளில் மற்றவர்கள் எல்லோரும் தேறினார்கள். தென்காசிக்காரர் நான்காம் நாள் வீட்டுக்குப் போனார். அதற்குள் ஆலைக்குள் பேச்சு முடிவாகிவிட்டிருந்தது: பாய் கெட்ட சாற்றைக் கொடுத்துவிட்டு, மெஷினோடு சந்தைக்கு ஓடிவிட்டார். புளியமரத்தடியில் யாரோ அவருடைய கரும்புக் கட்டைத் தூக்கிச் சாக்கடையில் போட்டிருந்தார்கள். வெல்பேர் ஆபீசர், பாயின் கடையை அகற்றக் கோரிப் பஞ்சாயத்துக்கும், அவர்மேல் புகாராகப் போலீசுக்கும் கடிதம் டைப் அடித்து வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பாயின் குடும்பத்துக்கு அந்த மரத்தடியைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. சந்தையோ வாரத்தில் ஒரே நாள்.

கடிதம் போவதற்கு முன் ஒரு விசாரணை வைத்தார்கள். ஆபீசர் அறையில் கம்பெனி டாக்டர், ஃபோர்மன், நான், பாய். பாயை உட்காரச் சொல்லவில்லை. அவர் கதவருகே நின்றார்.

டாக்டர் என்னைப் பார்த்துத்தான் முதலில் கேட்டார். எத்தனை மணிக்குப் பிழிந்தது, எத்தனை மணிக்குக் குடித்தது, நடுவில் எங்கே இருந்தது. நோட்டைப் பிரித்து வாசித்தேன். ஒன்பது நாற்பது என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆறு மணி நேரத்துக்கு மேலயா? மே மாசத்துலயா?"

"நிறம் மாறவே இல்லை டாக்டர். ஐஸும் போட்டிருந்தோம்."

"ஐஸ் எப்ப கரைஞ்சுது?"

அது நோட்டில் இல்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். நான் அந்த நூலகப் புத்தகத்தில் புரட்டாமல் விட்ட அத்தியாயத்தை அவர் சொல்வதுபோல் இருந்தது. கறுப்பது ஒரு காரியம், கெடுவது வேறு காரியம். கறுக்கச் செய்வது கரும்பின் நொதி. கெடுப்பது கிருமி. கரும்பின் தோலிலும் மண்ணிலும் உருளையிலும் கையிலும் கோணியில் வந்த ஐஸிலும் அது கொஞ்சமாவது இருக்கும். சர்க்கரையும் தண்ணீரும் வெதுவெதுப்பும் கிடைத்தால் அரை மணிக்கு ஒருமுறைகூட இரட்டித்துக்கொண்டே போகும். நாலு எலுமிச்சையின் புளிப்பு நொதியை மட்டுப்படுத்தப் போதும், கிருமியைக் கொல்லப் போதாது. ஐஸ் கரைந்த நிமிஷத்திலிருந்து அந்தக் கேன் ஒரு அடைகாக்கும் பெட்டி.

"முதல் நாள் கறுத்துப் போன சாறு குடிச்சீங்களே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலை. ஏன்னா அது முக்கால் மணி நேரத்துச் சாறு. கறுத்தா விஷம்னும் இல்லை, கறுக்காட்டி நல்லதுன்னும் இல்லை. சாதாரணமா சாறு கெட்டா புளிக்கும், நுரைக்கும், ஒரு வாடை வரும். நீங்க எலுமிச்சை போட்டதால புளிப்பு தெரியலை. இஞ்சி போட்டதால வாடை தெரியலை. நுரை இருந்துதா?"

"இருந்தது."

"என்ன நினைச்சீங்க?"

"இப்பத்தான் பிழிஞ்ச மாதிரி இருக்குன்னு நினைச்சேன்."

கெட்டுப்போனதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் ஒவ்வொன்றையும் நானே என் கையால் மூடிவைத்துவிட்டு, மேலே பச்சைச் சீட்டையும் கட்டியிருக்கிறேன். எட்டு வருஷமாக நிறத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

"அன்னைக்குக் காலையில மரத்தடியில குடிச்சவங்க?" என்று டாக்டர் ஃபோர்மனிடம் கேட்டார்.

"நைட் ஷிப்ட் முடிச்சுப் போன நம்ம பயலுக ஆறேழு பேரு ஒம்பது மணிக்குக் குடிச்சிருக்காய்ங்க. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல."

அதே கரும்பு, அதே மெஷின், அதே ஐஸ். வித்தியாசம் ஆறு மணி இருபது நிமிஷம் மட்டும்தான்.

ஆபீசர் அசையவில்லை. "காலையில பிழிஞ்சதைச் சாயங்காலம் குடிக்கக் கூடாதுன்னு தொழில் பண்றவருக்குத் தெரிய வேண்டாமா? தெரிஞ்சே கொடுத்தாருன்னா அது குற்றம்தான்" என்றார்.

பாய் அப்போதுதான் வாயைத் திறந்தார். ஆபீசரிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார்.

"நான் வேணாம்னு சொன்னனே சார். அது உங்க நோட்டுல இக்குதா?"

நோட்டைப் புரட்டினேன். அந்த நாளின் பக்கத்தில் எலுமிச்சை எத்தனை, ஐஸ் எவ்வளவு, கேனின் கொள்ளளவு, டெம்போ கிளம்பிய நேரம் எல்லாம் இருந்தன. மோர் கொடுத்துடுங்க என்று அவர் சொன்னது இல்லை. கறுக்காமல் இருந்தால் நல்லது என்று யார் சொன்னார்கள் என்று கேட்டதும் இல்லை. எனக்கு அது குறித்துவைக்க வேண்டிய தகவலாகவே தோன்றவில்லை. படிக்காதவர் பயப்படுகிறார் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அந்தத் தோலைப் பார்த்தபோதுகூட நான் இப்படி அதிர்ந்துபோகவில்லை. அது தெரியாமல் நடந்தது. இது அவர் சொல்லியும் நான் காதில் வாங்காதது.

"இல்லை," என்றேன். "ஆனா அவர் சொன்னார். ரெண்டு தடவை சொன்னார். நான்தான் கட்டாயப்படுத்தினேன்."

"இதை எழுதிக் கொடுத்தா உங்க மேல மெமோ வரும், தெரியுமில்ல?" என்றார் ஆபீசர். குரலில் மிரட்டல் இல்லை. யோசித்துக்கொள்ளுங்கள் என்கிற பரிவுதான். "கமிட்டி ஆளு சொல்லி நடந்ததுன்னா கம்பெனிக்கும் பேரு கெடும். வெளி ஆளுன்னா விஷயம் இதோட முடிஞ்சுடும்."

அங்கேயே ஒரு முழுத் தாள் வாங்கி எழுதினேன். பாய் சொன்ன வார்த்தைகளை அவர் சொன்னபடியே எழுதினேன். கையெழுத்தின் கீழே நடந்த நாளின் தேதியைப் போட வேண்டாம், எழுதுகிற நாளின் தேதியைப் போடுங்கள் என்றார் டாக்டர். இரண்டையும் போட்டேன். ஃபோர்மன் சாட்சிக் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு, "இனிமே உங்கள டாக்டர்னு கூப்பிட மாட்டேன் சார்" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

கடிதங்கள் போகவில்லை. மெமோ வந்தது, கமிட்டியிலிருந்து என்னை எடுத்தார்கள், நான்கு மணிக்கு மறுபடியும் மோர் வந்தது. பாயின் இடம் அவரிடமே இருந்தது. ஆனால் மூன்று வாரத்துக்கு எங்கள் ஆலை ஆட்கள் ஒருவரும் அந்த மரத்தடிக்குப் போகவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் லாரிக்காரர்களும் மட்டும் குடித்தார்கள். நான் தினமும் ஐந்து மணிக்குப் போய் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி கொஞ்ச நேரம் நிற்பேன். பாய் என்னோடு பேசமாட்டார். பிழிந்து கொடுப்பார், நான் குடித்து முடிக்கும்வரை வேறு பக்கம் பார்ப்பார்.

நான்காவது வாரம் உலைப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஃபோர்மன் வந்தார். ஒரு நாள் நான் நிற்கும்போது வேறு கம்பெனிக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பெங்களூர் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று காலிப் பாட்டில் இரண்டை நீட்டினார்.

"பாட்டில்ல குடுக்கறதில்ல சார். இங்கயே குடிங்க" என்றார் பாய்.

"எலுமிச்சம்பழம் போட்டுக் குடுப்பா. கறுக்காது. ராத்திரி வரைக்கும் அப்படியே இருக்கும்."

பாய் கரும்பை மெஷினிலிருந்து வெளியே இழுத்துவிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"நான் சொன்னா படிச்சவங்க கேக்க மாட்டாங்க," என்று அவரிடம் சொல்லி என்னைக் கை காட்டினார். "அந்த சாரக் கேளுங்க."

வெயிலில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் நான் ஒன்பது நாற்பதிலிருந்து ஆரம்பித்தேன். ஐஸ் கரைந்ததைச் சொல்லும்போதே அவர் காலிப் பாட்டில்களோடு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பாய் அந்தக் கரும்பை மடக்கி மறுபடியும் மெஷினில் வைத்தார்.